நூற்றுக்கு முப்பத்தொன்று
கடை விரிக்கும் முன் – 9

சென்ற வாரம் விற்பனையைக் கணிப்பது பற்றிப் பார்த்தோம். அந்த விற்பனையில் கடைசியாக எவ்வளவு மிஞ்சும் என்று திட்ட அறிக்கையில் ஒரு எண் இருக்குமே, அதை நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பது இந்த வாரம்.

புதுச்சேரியில் ஒரு இளைஞர் தன் திட்ட அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பேசியிருந்தார். க்ருவாசான், ரொட்டி, கேக், காபி. முப்பது பேர் உட்காரலாம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பில் நிற்கப் போவது அவரேதான். கல்லாவில் அவர் மனைவி.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நிகர லாபம் நூற்றுக்கு 31 என்று இருந்தது. "வங்கியில் கேட்டால் என்ன சொல்வது சார்?" என்றார். "வங்கி இருக்கட்டும் தம்பி, இந்தத் தொழிலில் மற்றவர்களுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை மட்டும் படிக்க வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன்.

முதலில் இரண்டு லாபங்கள்

விற்பனையிலிருந்து விற்ற பொருளின் அடக்கத்தைக் கழித்தால் மொத்த லாபம். அதிலிருந்து சம்பளம், வாடகை, மின்சாரம், வட்டி, தேய்மானம் எல்லாவற்றையும் கழித்தால் நிகர லாபம். இரண்டையும் விற்பனை நூறு ரூபாய்க்கு எவ்வளவு என்று சொன்னால் அது விகிதம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இந்த இரண்டு விகிதங்களும் ஏறக்குறைய ஒரு இடத்தில் வந்து நிற்கும். மளிகை, துணி, பாத்திரம் எல்லாம் விற்கும் டிமார்ட்டுக்கு மொத்த லாபம் நூற்றுக்குச் சுமார் 15. டோமினோஸ் பீட்சாக் கடைகளை இந்தியாவில் நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸுக்கு அது 75 அளவில். ஆனால் 2023-24ஆம் ஆண்டில் டிமார்ட்டின் நிகர லாபம் நூற்றுக்கு 5. ஜூபிலன்டுக்கு 4 சொச்சம்தான்: சுமார் 5,340 கோடி ரூபாய் விற்பனையில் சுமார் 234 கோடி. பீட்சாக் கடையில் பொருளுக்குப் போகாத பணம் ஆளுக்கும் இடத்துக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் போய்விடுகிறது.

ஆகவே மொத்த லாபம் பெரிதாக இருப்பதைப் பார்த்து நிகர லாபமும் பெரிதாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். முதலில் மொத்தம், பிறகு நிகரம்.

எந்தத் தொழிலோடு ஒப்பிடுவது?

இளைஞர் தன் தொழிலை "பேக்கரி" என்று எழுதியிருந்தார். பேக்கரி என்றால் பிரிட்டானியாவும் அதுதான். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று அங்கே போகிற பொருள்களும் இவையே. பிரிட்டானியாவின் மொத்த லாபம் நூற்றுக்கு 40க்குச் சற்று மேல், நிகரம் 13 அளவில். இளைஞரின் திட்டத்தில் மொத்த லாபம் 75. அப்படியானால் திட்டம் தவறா?

தவறில்லை, தவறு ஒப்பீட்டில். பிரிட்டானியா தன் சரக்கை விநியோகஸ்தருக்கு விற்கிறது. கடைக்காரரின் லாபம், விநியோகஸ்தரின் லாபம் எல்லாம் அதன் விற்பனைக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. இளைஞரோ தட்டில் வைத்து, மேசைக்குக் கொண்டுபோய், சாப்பிடுபவரிடமே காசு வாங்குகிறார். பொருள் ஒன்றாக இருந்தாலும் விற்கும் வழி வேறு. அவர் நடத்தப் போவது உணவகம். உட்கார்ந்து சாப்பிடும் தனிக் கடைகளில் பொருளுக்கு விற்பனையில் 28 முதல் 35 வரை போகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. அதாவது மொத்த லாபம் 65 முதல் 72 வரை. ஒழுங்காக நடக்கும் கடைக்கு நிகரம் 5 முதல் 10.

நாளை இவரே வேறு கடைகளுக்கு ரொட்டி போடத் தொடங்கினால் அந்த விற்பனையைத் தனியாகப் பிரித்து, அதை உற்பத்தித் தொழிலோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்த விகிதத்தை எதனோடும் ஒப்பிட முடியாது.

ஒரே சூத்திரமா என்று பாருங்கள்

ஒப்பிடும்போது பலரும் தவறும் இடம் இது. நிறுவனச் சட்டத்தின்படி அச்சாகும் லாப நட்டக் கணக்கில் "மொத்த லாபம்" என்றொரு வரியே கிடையாது. பயன்படுத்திய மூலப்பொருள், வாங்கி விற்ற சரக்கு, இருப்பில் ஏற்பட்ட மாற்றம் என்று மூன்று வரிகள் இருக்கும். அவற்றைக் கூட்டி விற்பனையிலிருந்து நாமே கழித்துக்கொள்ள வேண்டும். இதில் சம்பளம் சேராது.

நம் ஊர் ஆடிட்டர் போடும் வியாபாரக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதில் அடுப்படி ஆட்களின் கூலி, வண்டிக் கூலி போன்றவை நேரடிச் செலவு என்ற பெயரில் மொத்த லாபத்துக்கு மேலேயே கழிக்கப்பட்டுவிடும். அதே கடை, அதே மாதம், ஆனால் விகிதம் பத்துப் பன்னிரண்டு புள்ளி குறைந்து தெரியும். ஆடிட்டர் கணக்கின் விகிதத்தைப் பெரிய நிறுவனத்தின் விகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருள் வீணாகிறது என்று பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீணாகியது எதுவுமில்லை. கூலி இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நிகரத்திலும் இப்படி ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் அச்சிடும் நிகர லாபம் வருமான வரி கட்டிய பிறகு நிற்பது. திட்ட அறிக்கையில் பெரும்பாலும் வரிக்கு முந்தைய தொகை இருக்கும். ஜூபிலன்டின் 4 சொச்சத்தை வரிக்கு முன் கொண்டுபோனால் அது 6க்குப் பக்கத்தில் வரும். இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வாடகைக்கும் ஓர் எச்சரிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்களின் கணக்கில் நீண்டகால வாடகையின் பெரும்பகுதி வாடகை என்ற பெயரில் வருவதில்லை. புதிய கணக்குத் தரத்தின்படி அது தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துபோகிறது. அவர்கள் கணக்கில் வாடகை என்று தனியாகத் தெரிகிற சிறு தொகையைப் பார்த்துவிட்டு, நமக்கும் அவ்வளவுதான் ஆகும் என்று எழுதிவிடாதீர்கள்.

திட்டத்தில் இருந்த கணக்கு

இனி இளைஞரின் எண்களுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 60 பேர், ஆளுக்கு 420 ரூபாய், மாதம் 30 நாள். விற்பனை 7,56,000. பொருள் 1,89,000. மொத்த லாபம் 5,67,000, அதாவது நூற்றுக்கு 75. எட்டுப் பேர் சம்பளம் 1,40,000, வாடகை 1,20,000, மின்சாரமும் எரிவாயுவும் 45,000, இதர செலவு 30,000. மிஞ்சுவது 2,32,000, அதாவது நூற்றுக்கு 31.

தொழிலின் வழக்கமான அளவோடு வைத்துப் பார்த்தோம். மொத்த லாபம் 72க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 75. இது கொஞ்சம் அதிகம். நிகரம் 10க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 31. இது மூன்று மடங்கு. மொத்தத்தில் சிறு வித்தியாசம், நிகரத்தில் பெரிய வித்தியாசம் என்றால், குறை பொருள் கணக்கில் சிறிதளவும் மற்ற செலவுகளில் பெரிதளவும் இருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை விகிதம் காட்டிவிட்டது. தேடினோம்.

விற்பனையிலிருந்தே தொடங்கிய பிழை

420 ரூபாய் என்பது வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை. அதில் 20 ரூபாய் ஜிஎஸ்டி. அது அரசாங்கத்தின் பணம், நம் விற்பனை இல்லை. ஆளுக்கு 400 என்று போட்டால் விற்பனை 7,20,000 ஆகிறது. 36,000 ரூபாய் லாபம் முதல் வரியிலேயே மறைந்தது.

அடுத்தது பொருள். இளைஞர் ஒவ்வொரு பண்டத்துக்கும் செய்முறைக் கணக்கு நேர்த்தியாகப் போட்டிருந்தார். க்ருவாசானுக்கு எத்தனை கிராம் மாவு, எத்தனை கிராம் வெண்ணெய் என்று எடை வரை இருந்தது. அவர் கணக்கில் ஒன்றின் அடக்கம் 15 ரூபாய். ஆனால் அது சுட்டதன் அடக்கம். விற்றதன் அடக்கம் வேறு. நாற்பது சுட்டு முப்பது விற்றால், விற்ற ஒவ்வொன்றும் 20 ரூபாய் அடக்கத்தைச் சுமக்கிறது. காலையில் சுட்ட க்ருவாசான் மாலையில் தளர்ந்துவிடும், மறுநாள் தட்டில் வைக்க முடியாது. புதுச்சேரியில் சனி, ஞாயிறு சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்து நிற்கும். செவ்வாய், புதன்கிழமைகளில் வீதி காலியாக இருக்கும். அந்த நாள்களிலும் அலமாரி நிறையத் தெரிய வேண்டும் என்பதால் சுட்டுத்தான் வைப்பார்கள்.

எல்லாப் பண்டங்களுக்கும் சேர்த்து வீணாவதற்குச் செய்முறை அடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, 19,000 என்று வைத்தோம். கட்டிக்கொடுக்கும் பெட்டி, பை, தாள் 12,000. பொருள் 2,20,000 ஆனது. மொத்த லாபம் 5,00,000, நூற்றுக்கு 69. தொழிலின் அளவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

விட்டுப்போன வரிகள்

நிகரத்தில்தான் பெரிய வேலை இருந்தது. விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக எழுதினோம்.

முதலில் அவருடைய சொந்தச் சம்பளம். "நான் எதற்குச் சம்பளம் எடுக்கணும் சார், லாபமே எனக்குத்தானே?" என்றார். அவர் நிற்கும் இடத்தில் வேறு ஒரு பேக்கரை வைத்தால் 30,000 கொடுக்க வேண்டும். கல்லாவுக்கு ஓர் ஆள் வைத்தால் 20,000. இந்த 50,000 அவர்கள் இருவரின் உழைப்புக்கான கூலி. கடை ஈட்டிய லாபம் இல்லை. ஒப்பிடுகிற நிறுவனங்களில் எல்லோருடைய சம்பளமும் கழிந்த பிறகுதான் நிகரம் வருகிறது. நாம் மட்டும் கழிக்காமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே ஆகாது. ஆட்களின் சாப்பாட்டுக்கு ஒரு 10,000 சேர்த்ததும் சம்பளக் கணக்கு 2,00,000 ஆனது.

அடுத்தது வாடகைக்கு மேல் வரும் வரி. கடை வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெறாதவராக இருந்தாலும், 2024 அக்டோபர் 10லிருந்து பதிவு பெற்ற வாடகைதாரர் அதைத் தானே கட்ட வேண்டும். வேறு தொழிலாக இருந்தால் இதைத் தான் வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 5 சதவீத வரி வசூலிக்கும் உணவகத்துக்கு 2017 நவம்பரிலிருந்து அந்தச் சலுகை இல்லை. வாங்கும் எதற்கும் கட்டிய வரி அப்படியே செலவுதான். ஆகவே வாடகை 1,20,000 அல்ல, 1,41,600.

மூன்றாவது செயலி வழி விற்பனை. விற்பனையில் பத்தில் ஒரு பங்கு ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போகும் என்று அவரே சொன்னார். கமிஷனும் அதன் மேல் வரியுமாக அந்த விற்பனையில் கால் பங்கு போகும் என்று வைத்து 18,000.

நான்காவது தேய்மானம். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், காபி இயந்திரம், உள்ளலங்காரம் எல்லாம் சேர்த்து 30 லட்சம். ஏழு ஆண்டு உழைக்கும் என்றால் மாதம் 36,000. இந்தப் பணத்தை இன்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள். ஏழாம் ஆண்டில் அடுப்பு வந்து கேட்கும்.

கடைசியாக வட்டி. கடன் 20 லட்சம், 11 சதவீதம் என்றால் முதலாண்டில் மாதம் 18,000. இதை அவர் மாதத் தவணையோடு சேர்த்து வேறொரு தாளில் வைத்திருந்தார். தவணையில் அசல் செலவு ஆகாது, வட்டி செலவு. வட்டியைப் பிரித்து லாபக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

திருத்திய கணக்கு இப்படி நின்றது:

விற்பனை – 7,20,000
பொருள் – 2,20,000
மொத்த லாபம் – 5,00,000 (69 சதவீதம்)
சம்பளம் – 2,00,000
வாடகை – 1,41,600
மின்சாரம், எரிவாயு – 45,000
செயலிக் கமிஷன் – 18,000
இதர செலவு – 30,000
தேய்மானம் – 36,000
வட்டி – 18,000
நிகர லாபம் – 11,400 (1.6 சதவீதம்)

31 என்று வந்தவர் 1.6ஐப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

இப்போது விகிதம் என்ன சொல்கிறது?

இங்கே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். திருத்திய கணக்கை மறுபடி தொழிலின் அளவோடு வைக்க வேண்டும். இந்த முறை வரி வரியாக.

பொருளும் சம்பளமும் சேர்ந்து விற்பனையில் 58. உணவகத்தில் இவ்விரண்டும் 60 முதல் 65க்குள் அடங்கினால் நல்லது என்பார்கள். இங்கே அடங்கியிருக்கிறது. அடுப்படியில் குறையில்லை. வாடகை மட்டும் கிட்டத்தட்ட 20. உணவகத்துக்கு அது 10 அளவில் இருப்பது வழக்கம். 15ஐத் தாண்டினால் மூச்சுமுட்டும். திட்டத்தின் நோய் இந்த ஒரே வரியில் இருக்கிறது.

சரி, வாடகை 12க்கு இறங்க விற்பனை எவ்வளவு வேண்டும்? மாதம் 11,80,000. அதாவது நாளுக்கு 98 பேர். முப்பது இருக்கையில் ஞாயிற்றுக்கிழமை அது முடியும். புதன்கிழமை முடியுமா? மழைக்காலத்தில் முடியுமா? 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் ஊரே மூழ்கிக் கிடந்தது. அந்த நாள்களுக்கும் வாடகை உண்டு. திட்டத்தில் மாதத்துக்கு முப்பது நாளும் அறுபது பேர் வருகிறார்கள்.

கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், 60,000 வாடகைக்கு ஓர் இடம் கிடைக்கும் என்றார். போட்டுப் பார்த்தோம். அதே அறுபது பேர் வந்தால் நிகரம் 82,200, நூற்றுக்கு 11. தொழிலின் நல்ல கடைகளுக்குச் சமம். ஆனால் கடற்கரைக்கு வந்தவர்கள் கால்வாயைத் தாண்டி வருவார்களா? நாளுக்குப் பத்துப் பேர் குறைந்து ஐம்பது பேர் வந்தால் நிகரம் ஏறக்குறைய பூஜ்யம். மிச்சப்பட்ட வாடகை முழுவதையும் அந்தப் பத்துப் பேர் கொண்டுபோய்விடுகிறார்கள்.

எனவே அவர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றாகச் சுருங்கியது. மேற்கே உள்ள அந்த இடத்துக்கு, வாரநாளிலும் அறுபது பேர் வருவார்களா? இதற்கு எந்த ஆண்டறிக்கையிலும் விடை இல்லை. அந்த வீதியில் ஏற்கெனவே இருக்கும் கடைகளுக்கு எதிரே செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் நின்று எண்ணினால்தான் தெரியும். அவர் எண்ணப் போயிருக்கிறார்.

விகிதத்தை நம்பக் கூடாத இடங்கள்

தொழிலின் விகிதம் ஒரு அளவுகோல், அவ்வளவே. சொந்த வீட்டின் முன்கூடத்தில் கடை வைப்பவருக்கு நிகரம் 20க்கு மேல் தெரியலாம். அதில் பிழையில்லை, வாடகைக்கு விட்டால் வரும் தொகை அதற்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். திட்டம் தொழிலின் அளவிலிருந்து விலகினால், எந்த வரியால் விலகுகிறது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிய வேண்டும். முடிந்தால் அந்த விலகல் நம் பலம். முடியாவிட்டால் அது விட்டுப்போன செலவு.

இன்னொன்று, வருமான வரிப் படிவத்தில் வரும் 8 சதவீதம், 6 சதவீதம். சிறு வியாபாரிகள் விற்பனையில் இவ்வளவை லாபமாகக் காட்டி வரி கட்டலாம் என்று வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. பலர் அதையே தொழிலின் லாப விகிதம் என்று திட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அது வரி வசூலின் வசதிக்காக வைத்த எண். பேக்கரிக்கும் இரும்புக் கடைக்கும் ஒரே எண்ணாக இருப்பதிலிருந்தே அது எந்தத் தொழிலின் அளவும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வாரம் உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலிலேயே பங்குச்சந்தையில் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை அவர்கள் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். மூலப்பொருள் வரிகள் மூன்றையும் கழித்து மொத்த லாப விகிதத்தையும், கடைசி வரியிலிருந்து நிகர விகிதத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் உங்களுடையதை எழுதுங்கள். உங்கள் நிகரம் அவர்களுடையதைவிட இரண்டு மடங்கு இருந்தால், மகிழ்வதற்கு முன் உங்கள் சொந்தச் சம்பளம் அந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள்.

(அடுத்த வாரம்: லாபம் இருக்கும், கையில் காசு இருக்காது – ஏன்?)